விடுப்பு விண்ணப்பம் எந்தத் தமிழில்? வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

விடுப்பு விண்ணப்பத்தைத் தமிழில் எழுத உட்காரும் பலருக்கு முதல் வரியிலேயே தயக்கம் வந்துவிடுகிறது. நாள் முழுவதும் தமிழில் பேசுகிறவர், வாட்ஸ்அப்பில் நீள நீளமாகத் தமிழில் எழுதுகிறவர், மேலாளருக்கு எட்டு வரியில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றவுடன் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். அப்படித் தாவாதவர், பள்ளியில் மனப்பாடம் செய்த "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற தொடரைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் தம் பேச்சுத் தமிழை ஒட்டவைக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எழுத்துத் தமிழ் என்றால் எது என்பதைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணம்.

அந்த எண்ணம் இரண்டு வடிவங்களில் உலவுகிறது. ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கலவாத தமிழே எழுத்துத் தமிழ் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய நூல்களில் வரும் கடினமான சொற்களைப் பயன்படுத்தினால்தான் அது எழுத்துத் தமிழ் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இருவருமே சொற்களைப் பார்க்கிறார்கள். வேறுபாடு பெரும்பாலும் சொற்களில் இல்லை. சொற்களின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்புகளில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் விடுப்பு விண்ணப்பம் எழுதுவது அரைமணி நேர வேலையாக இல்லாமல் ஐந்து நிமிட வேலையாகிவிடும்.

இரண்டு வழக்குகள்

வீட்டில், கடையில், பேருந்தில் நாம் பேசுவது பேச்சு வழக்கு. செய்தித்தாள், பாடநூல், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் வருவது எழுத்து வழக்கு. ஒரே மக்கள் ஒரே மொழியின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு வேலைகளுக்காக வைத்துக்கொண்டிருக்கும் இந்த நிலைக்கு இரட்டை வழக்கு என்று பெயர். 1959-ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் அரபு, கிரேக்கம் முதலிய மொழிகளை எடுத்துக்காட்டி இந்த நிலையை விரிவாக விளக்கினார். தமிழும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இரட்டை வழக்கின் முக்கியமான இயல்பு, எழுத்து வழக்கை யாரும் தாய்மொழியாகப் பேசிப் பழகுவதில்லை என்பது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்கிறவரானாலும், கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பேராசிரியரானாலும், வீட்டில் சோறு கேட்கும்போது "எனக்குச் சோறு வேண்டும்" என்று சொல்வதில்லை. ஆகவே எழுத்து வழக்கு தடுமாறுவது தமிழறிவு குறைவு என்பதற்கான அடையாளம் அன்று. அது எல்லாரும் பள்ளியில் போய்க் கற்றுக்கொண்ட வடிவம். பயன்படுத்தாமல் விட்டால் எவருக்கும் தடுமாறும்.

பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குவதும் சரியில்லை. அதற்கும் மாறாத விதிகள் இருக்கின்றன. ஆனால் அது ஊருக்கு ஊர் மாறும். சேலம் மாவட்டத்தின் மேற்கே சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் தாயின் தந்தையை அப்புச்சி என்று அழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஊரில் வளர்ந்த ஒருவர், சென்னையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு "அப்புச்சி தவறிட்டாருங்க" என்று எழுதினால், இறந்தவர் என்ன உறவு என்பதே அங்கே விளங்காமல் போகலாம். துக்கத்துக்கான விடுப்பை உறவுமுறை பார்த்து வழங்கும் நிறுவனத்தில் அது சின்ன விஷயம் இல்லை. "என் தாய்வழித் தாத்தா காலமானார்" என்று எழுதினால் திருநெல்வேலிக்காரருக்கும் புரியும், திருவள்ளூர்க்காரருக்கும் புரியும். எழுத்து வழக்கின் பயன் அதன் உயர்வில் இல்லை, எல்லா ஊருக்கும் பொதுவாக இருப்பதில் இருக்கிறது.

கொலுசும் கோர்ப்பும்

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் ஒரு கொலுசைப் பார்த்தால், கண்ணில் முதலில் படுவது முத்தும் சலங்கையும்தான். கொலுசு கழன்று விழாமல் காலில் நிற்பதோ அவற்றை இணைக்கும் சின்னஞ்சிறு வளையங்களாலும் கடைசியில் உள்ள கொக்கியாலும். முத்தை மாற்றலாம், சலங்கையைக் கூட்டலாம், குறைக்கலாம், கொலுசு கெடாது. ஒரு பக்கம் பெரிய வளையமும் மறுபக்கம் பொருந்தாத கொக்கியுமாக இருந்தால் அதைப் பூட்ட முடியாது.

வாக்கியத்தில் முத்தும் சலங்கையும் போன்றவை சொற்கள். வளையமும் கொக்கியும் போன்றவை விகுதியும் வேற்றுமை உருபும். விகுதி என்பது வினைச்சொல்லின் கடைசியில் நின்று, செய்தவர் யார் என்பதைக் காட்டும் பகுதி: "வந்தேன்" என்பதில் ஏன், "வந்தார்" என்பதில் ஆர். வேற்றுமை உருபு என்பது பெயர்ச்சொல்லின் கடைசியில் ஒட்டி, அதற்கும் வினைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது: "ஊரில்" என்பதில் இல், "ஊருக்கு" என்பதில் கு.

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"திங்கட்கிழமை என் தந்தைக்கு ஆபரேஷன் நடைபெற உள்ளது."

"திங்கக்கெழம எங்கப்பாவுக்கு அறுவை சிகிச்சை இருக்குதுங்க."

முதல் வாக்கியத்தில் ஆபரேஷன் என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது; ஆனாலும் அது எழுத்து வழக்கு. இரண்டாவதில் அறுவை சிகிச்சை என்ற சொல் இருக்கிறது. ஆனாலும் அது பேச்சு வழக்கு. அலுவலகக் கோப்பில் முதல் வாக்கியம் உறுத்தாது, இரண்டாவது உறுத்தும். கடிதத்தில் அறுவை சிகிச்சை என்று எழுதுவதையே நான் விரும்புவேன். அது நினைவுக்கு வராத நேரத்தில் ஆபரேஷன் என்று எழுதினால் குற்றம் இல்லை. பஸ், எக்ஸ்ரே, எஸ்டேட் ஆகியவையும் அப்படியே. எஸ்டேட்ல என்று எழுதுவதுதான் சிக்கல். எஸ்டேட்டில் என்று எழுதினால் தீர்ந்தது.

சுருக்கமாக, எந்த வழக்கு என்பதைச் சொல்லின் உடல் தீர்மானிப்பதில்லை, சொல்லின் வால் தீர்மானிக்கிறது. சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டும் நேரத்தை வால்களைச் சரிபார்க்கச் செலவிட்டால் போதும்.

பேச்சில் தேய்ந்தவை

வால்கள் ஏன் மாறுகின்றன? பேசும்போது வேகத்துக்காகச் சொற்களின் கடைசிப் பகுதியைத் தேய்த்துவிடுகிறோம். அதிகமாகத் தேய்வது துணைவினை. முதன்மையான வினையோடு சேர்ந்து, அது முடிந்துவிட்டது, தொடர்கிறது, தேவைப்படுகிறது என்பன போன்ற கூடுதல் பொருளைத் தரும் வினைக்குத் துணைவினை என்று பெயர். "விழுந்துவிட்டார்" என்பதில் விழு முதன்மை வினை, விடு துணைவினை. பேச்சில் விடு என்பதன் முதலெழுத்து மறைந்து "விழுந்துட்டாரு" ஆகிறது.

விடுப்பு விண்ணப்பத்தில் வருகிற தேய்வுகள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். "போகணும்" என்பதில் தேய்ந்திருப்பது வேண்டும்: போக வேண்டும். "வர முடியல" என்பதில் தேய்ந்திருப்பது இல்லை: வர முடியவில்லை. "பாத்துக்கிட்டு" என்பதில் தேய்ந்திருப்பது கொண்டு: பார்த்துக்கொண்டு. "சேத்திருக்கோம்" என்பதை விரித்தால் சேர்த்திருக்கிறோம், இன்னும் சுருக்கமாகச் சேர்த்துள்ளோம். எழுத்து வழக்குக்கு மாற்றுவது என்றால் புதிய சொல்லைக் கண்டுபிடிப்பது அன்று. தேய்ந்துபோனதை மீட்டு அதன் இடத்தில் வைப்பது.

தவறு பெரும்பாலும் பாதி மீட்பில் நிகழ்கிறது. "முடியல" என்பது பேச்சு என்று உணர்ந்தவர் அதை "முடியலை" என்று எழுதுகிறார். "கேட்டுக்கறேன்" என்பதைக் "கேட்டுக்கிறேன்" என்று எழுதுகிறார். "வேணும்" என்பதை அப்படியே விட்டுவிடுகிறார், ஏனென்றால் அது பார்வைக்குச் சரியாகவே தோன்றுகிறது. இவை இரண்டு வழக்கிலும் சேராமல் நடுவில் தொங்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: கடிதத்தை எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஏன், ஓம், ஆர், அது, உள்ளது, இல்லை, வேண்டும் என்று முடிந்தால் சரி. ஒன்று மட்டும் ணும், ல, ட்டாரு, ங்க என்று முடிந்தால் அங்கே வழக்கு கலந்திருக்கிறது. அதன் பிறகு பெயர்ச்சொற்களின் வால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

உயிரெழுத்திலும் ஒரு தேய்வு உண்டு. சொல்லின் முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் முதலெழுத்து எகரமாகவும் ஒகரமாகவும் இறங்கிவிடும்: இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, கிழமை கெழமையாகிறது. எழுதும்போது இதைத் திருத்துவது நல்லது. ஆனால் கண்மூடித்தனமாக எல்லா ஒகரத்தையும் உகரமாக்கினால் வேறு சிக்கல் வரும். பேச்சில் மழைக்குப் பிடிக்கும் குடையும் கொடைதான், கோயிலுக்குக் கொடுக்கும் கொடையும் கொடைதான். எழுத்தில் அவை இரண்டு சொற்கள்.

ஒற்று மிகும் இடங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "விடுப்புக் கேட்டு" என்பதற்குப் பதில் "விடுப்பு கேட்டு" என்று எழுதியதற்காக யாருக்கும் விடுப்பு மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

காகிதத்துக்கு முகம் இல்லை

தேய்ந்த வால்களை மீட்பது அழகுக்காக மட்டும் அன்று. பேச்சில் ஒரே வால் இரண்டு வேலை செய்யும். நேரில் பேசும்போது முகமும் குரலும் சூழலும் எந்த வேலை என்பதைக் காட்டிவிடும். காகிதத்தில் அந்த உதவி கிடைக்காது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓட என்ற உருபு. பேச்சில் அது உடைய என்பதற்கும் வரும், உடன் என்பதற்கும் வரும். "அம்மாவோட கல்யாணத்துக்குப் போகணும், ரெண்டு நாள் லீவு வேணும்" என்று ஒருவர் நேரில் சொன்னால், அம்மாவை அழைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் திருமணத்துக்குப் போகிறார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதையே காகிதத்தில் எழுதி, மேலாளர் அதை மேசையில் வைத்துப் படித்தால், ஒரு கணமாவது புருவம் உயரும். "அம்மாவுடன்" என்று எழுதுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கிட்ட என்பதும் அப்படித்தான். "ஆஸ்பத்திரி கிட்ட" என்றால் அருகில். "டாக்டர் கிட்ட" என்றால் மருத்துவரிடம்.

காலத்தைக் குறிக்கும் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. "நேத்து", "நாளன்னிக்கு", "வர்ற திங்கக்கெழம" என்பவற்றுக்குப் பேசுகிற நாளை வைத்துத்தான் பொருள். சனிக்கிழமை மாலை எழுதிக் கொடுத்த கடிதத்தை மேலாளர் திங்கட்கிழமை காலையில் படித்தால், "வர்ற திங்கக்கெழம" என்பது அன்றைய நாளா, அடுத்த வாரமா என்று கேள்வி வரும். மாத இறுதியில் சம்பளக் கணக்குப் போடுகிறவர் படித்தால் எதுவுமே புரியாது. இங்கே வாலைத் திருத்தி "வருகின்ற திங்கட்கிழமை" என்று எழுதினாலும் தீராது. தேதியைத்தான் எழுத வேண்டும். எழுத்து வழக்கின் மற்றொரு பாதி இது: படிப்பவர் நம் முன்னால் இல்லை, நாம் சொன்ன நாளிலும் அவர் இல்லை என்பதை நினைவில் வைத்து எழுதுவது.

ஒரு கடிதம், மூன்று வடிவங்கள்

இனி ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு கடிதம் எழுதிப் பார்ப்போம். கற்பனை நிகழ்வுதான். ஏற்காட்டுக்கு அருகே ஒரு மலைக்கிராமத்து இளைஞர், சேலத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றி வளர்ப்பதும், ஏணி சாத்தி ஏறி மிளகு பறிப்பதும் வழக்கம். 14.02.2025 வெள்ளிக்கிழமையன்று அவருடைய அப்பா அப்படி ஏணியில் நின்று பறித்தபோது கீழே விழுந்து கால் முறிந்தது. சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

சனிக்கிழமை காலையில் அவர் மனத்தில் ஓடுவது இப்படி இருக்கும்:

"சார், எங்கப்பா நேத்து எஸ்டேட்ல மொளகு பறிக்கறப்ப ஏணியில இருந்து விழுந்துட்டாருங்க. கால் எலும்பு முறிஞ்சிருச்சு. ஜிஎச்ல சேத்திருக்கோம். திங்கக்கெழம ஆபரேசன்னு சொல்லியிருக்காங்க. கூட இருக்க வேற ஆளில்லீங்க. ஒரு மூணு நாள் லீவு வேணுங்க சார்."

செய்தியாக இதில் குறை ஒன்றும் இல்லை. நடந்தது என்ன, ஏன் விடுப்பு, எத்தனை நாள் என்பது வரிசையாக இருக்கிறது. நல்ல கடிதம் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும்.

இதைக் "கடிதமாக" ஆக்க முயலும்போது பலர் எழுதுவது இது:

"மேன்மை தாங்கிய ஐயா அவர்களுக்கு, எனது தந்தையார் அவர்கள் நேற்று எஸ்டேட்ல மிளகு பறிக்கும்போது கீழே விழுந்துட்டார். ஆதலால் அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கோம். எனவே எனக்கு மூன்று நாட்கள் விடுமுறை நல்கி அருள வேணும் என்று தாழ்மையிலும் தாழ்மையாகக் கேட்டுக்கிறேன்."

ஒரே பத்தியில் "மேன்மை தாங்கிய" என்பதும் "விழுந்துட்டார்" என்பதும் அருகருகே நிற்கின்றன. சொற்கள் கூரை மேல் ஏறிவிட்டன, வால்கள் தரையிலேயே கிடக்கின்றன. இதைவிடப் பெரிய குறை, பேச்சில் இருந்த செய்தி இதில் குறைந்துவிட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்பதும், உடனிருக்க வேறு ஆள் இல்லை என்பதும் காணாமல் போய்விட்டன. எந்த மூன்று நாள் என்பதும் இல்லை. சொல்லலங்காரத்தில் கவனம் போனால் நடப்பது இதுதான்.

விடுமுறை என்பதும் இங்கே பொருந்தாது. நிறுவனமோ அரசோ எல்லாருக்கும் விடுவது விடுமுறை. ஒருவர் தமக்காகக் கேட்டுப் பெறுவது விடுப்பு.

இப்போது, முதல் வடிவத்தின் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, வால்களை மீட்டு, தேதிகளைச் சேர்த்தால் கடிதம் இவ்வாறு அமையும்:

அனுப்புநர்
(பெயர்),
உதவியாளர், கணக்குப் பிரிவு.

பெறுநர்
மேலாளர்,
(நிறுவனத்தின் பெயர்), சேலம்.

பொருள்: தந்தையின் அறுவை சிகிச்சைக்காக மூன்று நாள் விடுப்புக் கோருதல்.

ஐயா,

வணக்கம். என் தந்தை 14.02.2025 அன்று ஏற்காட்டில் உள்ள ஓர் எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். அவருடைய வலது கால் எலும்பு முறிந்துவிட்டதால், அவரைச் சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்துள்ளோம். 17.02.2025 திங்கட்கிழமை அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. உடனிருந்து கவனித்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. எனவே, 17.02.2025 முதல் 19.02.2025 முடிய மூன்று நாள்கள் எனக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 20.02.2025 வியாழக்கிழமை பணிக்குத் திரும்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: சேலம்
நாள்: 15.02.2025

இதில் அகராதியைப் பார்த்து எடுக்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. எஸ்டேட் என்ற சொல் அப்படியே இருக்கிறது. அதன் வால் மட்டும் மாறியிருக்கிறது. ஜிஎச் என்பதை விரித்து எழுதியதற்குக் காரணம் அது ஆங்கிலம் என்பதன்று. சேலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சுருக்கம் வெளியூர்த் தலைமை அலுவலகத்தில் எந்த ஊர் மருத்துவமனை என்பதைச் சொல்லாது. "சேர்க்கப்பட்டுள்ளார்" என்று எழுதாமல் "சேர்த்துள்ளோம்" என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். முன்னதும் பிழையில்லைதான். ஆனால் எழுத்து வழக்கு என்றாலே எல்லா வினையையும் "பட்டுள்ளது" என்று முடிக்க வேண்டும் என்று நினைப்பது, கடிதத்தை அறிவிப்புப் பலகை போல ஆக்கிவிடும்.

முடிய என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அலுவலகக் கடிதங்களில் அது கடைசி நாளையும் சேர்த்து என்ற பொருளில் வருகிறது. வரை என்று எழுதினாலும் தவறில்லை. அப்போது "மூன்று நாள்கள்" என்ற எண்ணிக்கையை விடாமல் எழுதினால், 19-ஆம் தேதி சேருமா சேராதா என்ற கேள்வி எழாது. அரசு அலுவலகமாக இருந்தால் பொருள் வரியில் விடுப்பின் வகையையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதிலிருந்து கேட்பதானால் "தற்செயல் விடுப்பு" என்றே எழுத வேண்டும்.

மரியாதை எங்கே போயிற்று?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இதில் பணிவு குறைகிறதே என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நம் பேச்சில், குறிப்பாகச் சேலம் பக்கத்துப் பேச்சில், மரியாதையின் பெரும்பங்கை ங்க என்ற ஒட்டு சுமக்கிறது. "இல்லீங்க", "வரேனுங்க", "வேணுங்க" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் அது வந்து அமர்ந்துகொள்கிறது. எழுத்து வழக்குக்கு மாறியவுடன் அதற்கு இடம் இல்லாமல் போகிறது. மரியாதை திடீரென்று வற்றிவிட்டது போன்ற ஓர் உணர்வு எழுதுகிறவருக்கு ஏற்படுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் "மேன்மை தாங்கிய", "தாழ்மையிலும் தாழ்மையாக", "அருள வேண்டும்" முதலியவை ஓடிவருகின்றன.

எழுத்து வழக்கில் மரியாதைக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் "ஐயா" அல்லது "அம்மா", முடிவில் "தங்கள்", நடுவில் "வழங்குமாறு" என்பதில் உள்ள மாறு. இந்த மாறு என்ற ஈறு பேச்சில் அநேகமாக வருவதே இல்லை. ஆகவே இதை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பேச்சில் "லீவு குடுங்க" என்று கேட்கிறோம். அதை வால் மீட்டு எழுதினால் "விடுப்புக் கொடுங்கள்" என்று ஆகும். இலக்கணம் சரிதான், ஆனால் காகிதத்தில் அது கட்டளை போல ஒலிக்கிறது. "வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அது வேண்டுகோளாகிவிடுகிறது. தாழ்மையுடன் என்ற சொல்லைச் சேர்க்க விரும்பினால் ஒருமுறை சேர்க்கலாம். அதை ஒரே கடிதத்தில் இரண்டு முறை எழுதினால், படிப்பவர் கோரிக்கையை விட்டுவிட்டு அந்தச் சொல்லைக் கவனிக்கத் தொடங்குவார்.

ஆக, ங்க என்பது மறைந்தாலும் மரியாதை மறையவில்லை. அது வாக்கியத்துக்கு வாக்கியம் வருவதை விட்டுவிட்டு, கடிதத்தின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வந்து நிற்கிறது.

பேச்சு வழக்கே சரியான இடம்

எல்லா இடத்திலும் எழுத்து வழக்கு வேண்டும் என்பதில்லை. தெரிவு செய்வதற்கு ஒரு கேள்வி போதும்: இதை, நடந்தது தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர், பிறகு ஒருநாள் எடுத்துப் படிப்பாரா? படிப்பார் என்றால் எழுத்து வழக்கு. மேலாளர் மட்டும், இப்போதே, கைப்பேசியில் படித்துவிட்டுப் பதில் சொல்வார் என்றால் பேச்சு வழக்கு. வெள்ளிக்கிழமை இரவு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிக்கும்போது, "தந்தையார் விழுந்துவிட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதினால் அது அந்நியமாக இருக்கும். நாள்தோறும் சேர்ந்து டீ குடிக்கும் மனிதரிடம் திடீரென்று விலகி நின்று பேசுவது போலாகும். அங்கே ங்க போட்டு எழுதுவதுதான் முறை. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையில், முதலாளியிடம் நேரில் சொல்வதோ போனில் சொல்வதோ போதும். அங்கே கடிதம் என்பதே தேவைப்படாது.

பள்ளிக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வகுப்பாசிரியரை நன்றாகத் தெரியும் என்பதால் பேச்சு வழக்கில் எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் காகிதம் வருகைப் பதிவேட்டோடு சேர்ந்து வைக்கப்படலாம், தலைமையாசிரியரும் பார்க்கலாம். எழுத்து வழக்கில் மூன்று வரி எழுதிவிடுவது பாதுகாப்பானது.

பல நேரங்களில் இரண்டுமே தேவைப்படும். நம் இளைஞரின் அப்பாவை மருத்துவர்கள் மேலும் ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மாலையிலேயே அவர் மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட வேண்டும்: "சார், அப்பாவை நாளைக்கும் வெச்சுப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் சேத்து எடுத்துக்கறேங்க. வெள்ளிக்கிழமை வந்துடறேன்." வேலைக்குத் திரும்பிய பிறகு, முதல் கடிதத்தோடு சேர்த்துவைக்க இரண்டாவது கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அதில் முழுக் கதையையும் திரும்ப எழுத வேண்டியதில்லை: "15.02.2025 நாளிட்ட என் விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, என் தந்தை மேலும் ஒருநாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்ததால், 20.02.2025 அன்றும் எனக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 21.02.2025 அன்று பணிக்குத் திரும்பிவிட்டேன்." மருத்துவமனைச் சீட்டின் நகல் இருந்தால் "இணைப்பு" என்று கீழே ஒரு வரி எழுதி அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.